வீட்டு வரி நியாயமா? நாலு வீட்டை வைத்து நாமே உரசிப் பார்க்கும் முறை

2022 ஏப்ரலில் சொத்து வரி சீராய்வு அறிவிப்பு வந்த வாரம், எங்கள் தெரு டீக்கடையில் வேறு பேச்சே இல்லை. "அநியாயம்ணே" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். நான் ஒருவரிடம் கேட்டேன்: "ஏறினது அநியாயமா, இல்லை உங்களுக்கு மட்டும் கூட ஏறினது அநியாயமா?" அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "பக்கத்து வீட்டுக்காரன் எவ்வளவு கட்டுறான்னு தெரிஞ்சாத்தானே சொல்ல முடியும்" என்றார். வரி நியாயத்தைப் பற்றிய பாதி விஷயத்தை அவர் அந்த ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டார்.

மீதிப் பாதியை முறைப்படி எப்படிச் சோதிப்பது என்பதுதான் இந்த வழிகாட்டி. மதுரை மாநகராட்சியின் சொத்து வரியை, அதாவது நம் பேச்சில் வீட்டு வரியை, எடுத்துக்கொள்கிறேன். ஒரு வரியை முழுதாகப் பார்த்துவிட்டால் தொழில் வரி, காலிமனை வரி எல்லாவற்றையும் அதே உரைகல்லில் உரசலாம்.

உரைகல் பழையது. 1776-ல் ஸ்காட்லாந்துக்காரர் ஆடம் ஸ்மித் நல்ல வரிக்கு நாலு இலக்கணம் எழுதிவைத்தார். அவரவர் சக்திக்கு ஏற்ப இருக்க வேண்டும் என்பது சமத்துவ விதி. எவ்வளவு, எப்போது, எப்படிக் கட்டுவது என்பது கட்டுபவருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும் என்பது உறுதி விதி. கட்டுவதற்குத் தோதான காலத்திலும் வகையிலும் வாங்க வேண்டும் என்பது வசதி விதி. மக்கள் பையிலிருந்து போவதற்கும் கஜானாவுக்கு வந்து சேர்வதற்கும் இடையில் சேதாரம் குறைவாக இருக்க வேண்டும் என்பது சிக்கன விதி.

பாடப்புத்தகங்கள் சமத்துவத்தை முதலில் வைக்கும். நான் உறுதியை முதலில் வைக்கிறேன். வரி எப்படி வந்தது என்றே தெரியாதபோது அது சமமா இல்லையா என்று அளக்க முடியாது. ஸ்மித்தும் இதற்குப் பக்கத்தில்தான் நிற்கிறார்: கொஞ்சம் நிச்சயமின்மை செய்யும் கெடுதலை, பெரிய ஏற்றத்தாழ்வுகூடச் செய்யாது என்பது அவர் கருத்து.

முதல் படி: கையில் இருப்பது வரியா, கட்டணமா?

கேட்பு ரசீதை எடுத்து வையுங்கள். இல்லாவிட்டால் tnurbanepay.tn.gov.in தளத்தில் வரிவிதிப்பு எண்ணைக் கொடுத்து நிலுவையைப் பார்க்கலாம். சொத்து வரி ஒரு பக்கம் இருக்கும். குடிநீர்க் கட்டணம், பாதாளச் சாக்கடைக் கட்டணம், குப்பைக்கான கட்டணம் எல்லாம் தனித்தனியாக இருக்கும். இவற்றைக் கலந்து பேசினால் வாதம் அங்கேயே உடைந்துவிடும்.

கட்டணம் என்பது ஒரு சேவைக்கான விலை. குழாய் இணைப்பே இல்லாத வீட்டுக்குக் குடிநீர்க் கட்டணம் வந்தால் "எனக்குத் தண்ணீர் வரவில்லை" என்பது முழுமையான பதில். வரி அப்படிப்பட்டது அல்ல. இதற்கு இது என்று நேருக்கு நேர் கைமாறு எதிர்பார்த்துக் கட்டுவதில்லை. ஆகவே "சாக்கடை போடவில்லை, வரி கட்ட மாட்டேன்" என்பது சட்டத்தில் நிற்காது.

ஆனால் நியாயம் என்ற கேள்வியில் அது வேறு வாசல் வழியாக உள்ளே வரும். 2011-ல் மதுரை 72 வார்டிலிருந்து 100 வார்டாக விரிந்து, ஆனையூர், அவனியாபுரம், திருப்பரங்குன்றம், திருநகர் எல்லாம் மாநகராட்சிக்குள் வந்தன. வீட்டு வரியின் அடிப்படை அந்த வீட்டுக்குக் கிடைக்கக்கூடிய வாடகை. சாக்கடை இல்லாத தெருவில் வாடகை குறைவு. வாடகை குறைவென்றால் வரியும் குறைவாக இருக்க வேண்டும். ஆக, "சேவை இல்லை, வரி கட்ட மாட்டேன்" என்பதற்குப் பதில், "என் தெருவை எந்த மண்டல விகிதத்தில் வைத்திருக்கிறீர்கள்? வசதியுள்ள தெருவும் இதுவும் ஒரே விகிதத்திலா?" என்று கேட்பது சரியான கேள்வி. மனு எழுதும்போது இந்த வித்தியாசம் பெரிய வித்தியாசம்.

இரண்டாம் படி: உறுதி. ரசீதில் உள்ள தொகையை உங்களால் போட்டுக் காட்ட முடிகிறதா?

சோதனை எளிது. ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, ரசீதைப் பார்க்காமல், உங்கள் வீட்டின் வரியை நீங்களே கணக்கிட முயலுங்கள். அதற்கு நாலு விவரம் வேண்டும்: மாநகராட்சிப் பதிவில் உள்ள கட்டடப் பரப்பு, உங்கள் தெரு எந்த மண்டல விகிதத்தில் வருகிறது, கட்டடம் குடியிருப்பா வணிகமா என்ற வகை, கட்டடத்தின் வயதுக்கான கழிவு. நாலும் கிடைத்து, உங்கள் கணக்கும் ரசீதும் ஒத்துப்போனால் உறுதி விதியில் வரி தேறிவிட்டது. ஒன்று கிடைக்காவிட்டாலும் தேறவில்லை.

பெரும்பாலோர் முதல் விவரத்திலேயே நின்றுவிடுவார்கள். "என் வீடு எத்தனை சதுர அடின்னு எனக்குத் தெரியாதா?" என்பார்கள். உங்கள் வீட்டின் அளவு உங்களுக்குத் தெரியும். பதிவேட்டில் எத்தனை சதுர அடி என்று எழுதியிருக்கிறது என்பதுதான் கேள்வி. மாடிப்படி, முன் தாழ்வாரம், கார் நிறுத்தும் இடம் ஆகியவற்றைச் சேர்த்தார்களா விட்டார்களா என்பதில் நூறு சதுர அடி சுலபமாக மாறும். தெரியாவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் உங்கள் சொத்தின் வரிவிதிப்புப் பதிவின் நகலைக் கேளுங்கள். "ஏன் இவ்வளவு வரி?" என்று கேட்டால் பதில் வராது. அந்தச் சட்டம் ஆவணத்தைத் தரும், விளக்கத்தைத் தராது.

உறுதிக்குக் காலம் என்ற இன்னொரு முகமும் உண்டு. அடுத்த வருஷம் எவ்வளவு வரும் என்று ஓரளவு ஊகிக்க முடிய வேண்டும். இந்த இடத்தில் தமிழ்நாட்டின் அனுபவம் கரடுமுரடானது. சென்னை நீங்கலான ஊர்களில் 2008-க்குப் பிறகு பொதுச் சீராய்வு வெகுநாள் நடக்கவில்லை. 2018-ல் உயர்த்தினார்கள், 2019 நவம்பரில் அதை நிறுத்திவைத்து, கூடுதலாகக் கட்டியதைப் பின்வரும் தவணைகளில் கழித்துக்கொள்வதாகச் சொன்னார்கள், 2022 ஏப்ரலில் மறுபடி உயர்த்தினார்கள். பத்து வருஷம் அசையாமல் இருந்துவிட்டு ஒரே நாளில் துள்ளும் வரி, தொகையளவில் சரியானதாகவே இருந்தாலும், உறுதி விதியில் தோற்றதுதான். வருஷத்துக்கு 6 சதவீதம், அல்லது மாநில மொத்த உற்பத்தியின் ஐந்தாண்டுச் சராசரி வளர்ச்சி, இரண்டில் எது அதிகமோ அந்த அளவு ஏறும் என்று பின்னர் ஒரு விதி வந்தது. தெருவில் அதற்கு நல்ல பெயர் இல்லை. ஆனால் உறுதி என்ற ஒரு கோணத்தில் மட்டும் பார்த்தால், பழையதைவிட இது மேல் என்றே சொல்வேன். குறைந்தது 6 என்றாவது குறித்துவைத்துக்கொள்ளலாமே.

பதிவேட்டை யார் வேண்டுமானாலும் உள்ளிருந்து மாற்ற முடியுமென்றால் மேலே சொன்னதெல்லாம் வீண். அலுவலர்களின் பாஸ்வேர்டைப் பயன்படுத்திச் சில கட்டடங்களின் வரியைக் குறைத்துவிட்டார்கள் என்ற புகாரில் 2025-ல் மதுரையில் வழக்குப் பதிவாகிக் கைதுகளும் நடந்தன. இதை ஊழல் செய்தியாக மட்டும் பார்க்காமல் உறுதி விதி உடைந்த கதையாகவும் பாருங்கள். ஒருவருக்குக் காரணமில்லாமல் குறைக்கக்கூடிய பதிவேட்டில், இன்னொருவருக்குக் காரணமில்லாமல் கூட்டவும் முடியும்.

மூன்றாம் படி: சமத்துவம். நாலு வீடு போதும்

2022 உயர்வின் அமைப்பு இது. சென்னை அல்லாத மாநகராட்சிகளில், 600 சதுர அடி வரையுள்ள குடியிருப்புக்கு அப்போதிருந்த வரியில் 25 சதவீதம் கூடுதல். 601 முதல் 1,200 வரை 50. 1,201 முதல் 1,800 வரை 75. அதற்கு மேல் 100. சின்ன வீட்டுக்குக் குறைவு, பெரிய வீட்டுக்கு அதிகம். படித்தவுடன் நியாயமாகத்தான் தெரியும். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது, எங்கள் தெருவில் நாலு வீட்டைக் கணக்குப் போட்டுப் பார்க்கும்வரை.

எண்களை உருட்டித் தருகிறேன். பழைய வரி எல்லோருக்கும் அரையாண்டுக்குச் சதுர அடிக்கு 1 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உண்மை விகிதம் தெருவுக்குத் தெரு மாறும், கணக்கின் போக்கு மாறாது.

ஓட்டு வீடு 580 சதுர அடி. பழைய வரி 580 ரூபாய், புதியது 725.
மூலை வீடு 1,190 சதுர அடி. பழையது 1,190, புதியது 1,785.
வேப்பமர வீடு 1,210 சதுர அடி. பழையது 1,210, புதியது 2,117 ரூபாய் 50 காசு.
மாடி வீடு உண்மையில் 2,400 சதுர அடி. ஆனால் மாடி கட்டியது பதிவேட்டில் ஏறவே இல்லை. அங்கே இன்னமும் 1,100 சதுர அடிதான். பழையது 1,100, புதியது 1,650.

இப்போது மூன்று கேள்விகளை வரிசையாகக் கேளுங்கள்.

முதலாவது: ஒரே நிலையில் உள்ளவர்கள் ஒரே அளவு கட்டுகிறார்களா? மூலை வீட்டையும் வேப்பமர வீட்டையும் பாருங்கள். இடையில் இருப்பது 20 சதுர அடி, ஒரு சின்னக் கழிவறை அளவு. பழைய கணக்கில் வித்தியாசம் 20 ரூபாய். புதிய கணக்கில் 332 ரூபாய் 50 காசு. காரணம், கோட்டைத் தாண்டியதும் 75 சதவீதம் தாண்டிய 10 சதுர அடிக்கு மட்டும் அல்ல, 1,210-க்கும் சேர்த்து விழுகிறது. வருமான வரியில் இப்படிச் செய்வதில்லை. அங்கே ஒவ்வொரு அடுக்குக்கும் அந்தந்த விகிதம்தான். அதே முறையை இங்கே போட்டால், முதல் 600-க்கு 1.25, அடுத்த 600-க்கு 1.50, அதற்கு மேல் 1.75 என்று மூலை வீட்டுக்கு 1,635 ரூபாயும் வேப்பமர வீட்டுக்கு 1,667 ரூபாய் 50 காசும் வரும். வித்தியாசம் 32 ரூபாய் 50 காசு. யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அடுக்கு முறையில் மொத்த வசூல் குறையும். அதே வசூல் வேண்டுமென்றால் விகிதங்களைக் கொஞ்சம் கூட்ட வேண்டும். மனுவில் இதையும் ஒப்புக்கொண்டு எழுதினால்தான் படிப்பவர் மதிப்பார். கோட்டின் ஓரத்தில் இருக்கும் வீடுகளில், அளக்க வருபவரிடம் "1,195-னு போட்டுக்கங்க சார்" என்று கெஞ்சும் ஆசை எங்கிருந்து வருகிறது என்பதும் இந்தக் கணக்கிலேயே தெரிகிறது. செங்குத்தான படி உள்ள இடத்தில் பேரமும் இருக்கும்.

இரண்டாவது: அதிகம் தாங்கக்கூடியவர் அதிகம் தாங்குகிறாரா? சதுர அடி சக்தியின் நிழல்தான். ஓரளவுக்கு நம்பக்கூடிய அளவுகோல் வாடகை. ஆண்டு வரியை ஆண்டு வாடகையால் வகுத்துச் சதவீதம் பாருங்கள். சொந்தக்காரரே குடியிருந்தால், அதே தெருவில் அதுபோன்ற வீட்டுக்கு என்ன வாடகை என்று விசாரித்துப் போடுங்கள். ஓட்டு வீட்டுக்கு மாதம் 5,000 என்றால் வரி வாடகையில் 2.4 சதவீதம். மூலை வீட்டுக்கும் வேப்பமர வீட்டுக்கும் வாடகை ஒன்றுதான், 9,000, ஒன்றுக்கு 3.3, மற்றதற்கு 3.9. மாடி வீட்டில் கீழே 10,000, மேலே 8,000. வரி 1.5 சதவீதம்.

தெருவிலேயே அதிக வாடகை வாங்கும் வீடு, வாடகையில் மிகக் குறைந்த பங்கைக் கட்டுகிறது. ஓட்டு வீட்டில் இருக்கும் அத்தை, மாடி வீட்டுக்காரரைவிட அதிக விகிதத்தில் கட்டுகிறார். அடுக்குகளை எவ்வளவு அழகாக அமைத்தாலும் பதிவேடு தப்பாக இருந்தால் முடிவு தலைகீழாகும்.

மூன்றாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை, எனக்கு அதுதான் முக்கியம்: உயர்வு, பழைய தவறைச் சரிசெய்ததா, வளர்த்ததா? உயர்வுக்கு முன் மாடி வீட்டுக்காரர் கட்ட வேண்டியது 2,400, கட்டியது 1,100, இடைவெளி 1,300. உயர்வுக்குப் பின் கட்ட வேண்டியது 4,800, கட்டுவது 1,650, இடைவெளி 3,150. ஏற்கெனவே உள்ள வரியின் மேல் சதவீதம் ஏற்றும் எந்த உயர்வும், அந்த வரிக்குள் இருக்கும் தப்பையும் சேர்த்தே ஏற்றும். முதலில் அளந்து, பிறகு ஏற்றுவதுதான் முறை. அளப்பது செலவு, ஏற்றுவது ஒரு அரசாணை. அதனால் வரிசை மாறிவிடுகிறது.

நாலு வீடு விளக்கத்துக்குப் போதும், மனுவுக்குப் போதாது. குறைந்தது பத்துப் பதினைந்து வீடு எடுங்கள். எல்லாம் ஒரே மண்டல விகிதத்தில் உள்ள தெருவாகவும், எல்லாம் குடியிருப்பாகவும் இருக்கட்டும். சதவீதங்களை வாடகை வரிசையில் அடுக்குங்கள். வாடகை ஏற ஏறச் சதவீதம் இறங்கிக்கொண்டே போனால், சக்தியுள்ளவர் தப்புகிறார். ஏற்றமும் இறக்கமுமாகச் சிதறிக் கிடந்தால், விகிதத்தில் குறையில்லை, அளவீட்டில் குறை. இரண்டுக்கும் மருந்து வேறு. முதலாவதற்கு விகிதத்தை மாற்ற வேண்டும். இரண்டாவதற்கு மறு அளவீடு வேண்டும்.

இந்த முறையின் எல்லையையும் சொல்லிவிடுகிறேன். பென்ஷன் மட்டுமே உள்ள ஒரு ரிடையர்டு வாத்தியார் அப்பா கட்டிய பெரிய வீட்டில் தனியாக இருக்கிறார் என்றால், வாடகைக் கணக்கு அவரைச் சக்தியுள்ளவர் என்று காட்டும். அவர் கையில் காசு இருக்காது. வீட்டு வரி சொத்தைப் பார்க்கும், பையைப் பார்க்காது. ஆனால் பையைப் பார்க்கும் வரிதான் நியாயம் என்றும் அவசரப்பட வேண்டாம். தொழில் வரியைப் பாருங்கள்: வருமானத்தின் மேல் அரையாண்டுக்கு ஒரு முறை வாங்கும் உள்ளாட்சி வரி. அரசியல் சாசனத்தின் 276-வது பிரிவு இதற்கு ஒருவருக்கு ஆண்டுக்கு 2,500 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. அரையாண்டு வருமானம் 75,000 ரூபாயைத் தாண்டினால் உச்சத் தொகை வந்துவிடும். மாதம் பதின்மூன்றாயிரம் வாங்கும் ஜவுளிக்கடை ஊழியரும் மாதம் இரண்டு லட்சம் வாங்கும் டாக்டரும் ஒரே தொகையைக் கட்டுகிறார்கள். பெயரில் வருமான அடிப்படை, நடப்பில் தலைவரி. மேல் அடுக்கை உயர்த்த முடியாததால், இனி கூட்டுவதென்றால் கீழ் அடுக்குகளைத்தான் கூட்ட முடியும் என்பது இதன் இன்னொரு கோணல்.

நாலாம் படி: ரசீதில் யார் பெயர், உண்மையில் யார் பை?

மாடி வீட்டின் கீழ்த்தளத்தில் குடியிருப்பவர் சொன்னது: "வரி ஏறிருச்சுன்னு வாடகையில ஐநூறு கூட்டிட்டாங்கண்ணே." அந்த வீட்டுக்கு உயர்ந்த வரி அரையாண்டுக்கு 550 ரூபாய். மாதத்துக்கு 92 ரூபாய்கூட இல்லை. அதிலும் பாதி மாடியின் பங்கு. வாடகையில் ஏறிய 500-ல் வரியின் பங்கு 50 ரூபாயைத் தொடவில்லை. மற்றது வீட்டுக்காரரின் விருப்பம், பழியை மாநகராட்சி மேல் போட்டுவிட்டார்.

வீட்டு வரியின் சமத்துவத்தைச் சோதிக்கும்போது இந்தப் படியைத் தாண்டக் கூடாது. வாடகை வீட்டுக்குத் தட்டுப்பாடு உள்ள பகுதியில் வரி குடியிருப்பவர் தலையில் இறங்கும். வீடுகள் காலியாகக் கிடக்கும் பகுதியில் உரிமையாளரே சுமப்பார். மாசி வீதிகளின் கடைகளில் ஒப்பந்தத்தைப் பார்த்தால் போதும். வரியைக் கட்டுவது வாடகைதாரர் பொறுப்பு என்று எழுதியிருந்தால், ரசீதில் யார் பெயர் இருந்தாலும் சுமை கடைக்காரருக்குத்தான்.

ஐந்தாம் படி: வசதி

இதில் அதிகம் சொல்ல இல்லை. வீட்டு வரி ஏப்ரலிலும் அக்டோபரிலும் தொடங்கும் இரண்டு தவணைகள். ஏப்ரல் 30-க்குள், அக்டோபர் 31-க்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை, அதிகபட்சம் 5,000 ரூபாய். வீட்டிலிருந்தே கட்டலாம். சம்பளக்காரருக்கு இது வசதிதான்.

ஸ்மித் சொன்ன உதாரணம் இங்கே சரியாகப் பொருந்தும்: வாடகை மேல் போடும் வரியை, வாடகை கைக்கு வரும் காலத்தில் வாங்க வேண்டும். மதுரையில் வாடகை மாதாமாதம் வருகிறது, வரி ஆறு மாதத்துக்கு ஒரு முறை. கூலி வேலைக்காரருக்கு 725 ரூபாயை ஒரே தடவையில் எடுத்துவைப்பது, மாதம் 121 ரூபாய் கட்டுவதைவிடக் கடினம். ஏப்ரல் என்றால் சித்திரைத் திருவிழாச் செலவு. அதை முடித்து நிமிர்ந்தால் பள்ளிக்கூடக் கட்டணம் நிற்கும். ஆகவே ஊக்கத்தொகை யாருக்குப் போகிறது என்று பாருங்கள்: ஏப்ரலில் கையில் ரொக்கம் இருப்பவருக்கு. வசதிக்காக வைத்த சலுகை, சமத்துவத்தைக் கொஞ்சம் கடிக்கிறது. தெருவில் எத்தனை பேர் அந்தச் சலுகையை வாங்கினார்கள், அவர்கள் எந்த வீட்டுக்காரர்கள் என்று ஒரு பட்டியல் போட்டால் கண்கூடாகத் தெரியும்.

ஆறாம் படி: சிக்கனம். யானை வாயும் யானைக் காலும்

இந்த விதியை ஸ்மித்திடம் கடன் வாங்க வேண்டிய அவசியமே நமக்கு இல்லை. பாண்டியன் அறிவுடை நம்பிக்குப் பிசிராந்தையார் சொன்னது புறநானூற்றில் இருக்கிறது. ஒரு மாவுக்கும் குறைந்த நிலத்து நெல்லை அறுத்துக் கவளமாகக் கொடுத்தால் யானைக்குப் பல நாள் வரும். நூறு வயல் இருந்தாலும் யானை தானே புகுந்து மேய்ந்தால், வாய்க்குள் போவதைவிடக் காலில் மிதிபட்டு அழிவது அதிகம்.

சோதனை என்ன? வாய்க்குள் போனது ரசீதுத் தொகை. காலில் மிதிபட்டதை நாம் எழுதிவைப்பதில்லை. ஓட்டு வீட்டு அத்தை, கணவர் இறந்தபின் வரிவிதிப்பில் பெயர் மாற்ற மூன்று தடவை அலைந்தார். ஒவ்வொரு தடவையும் இட்லிக் கடையை மூடினார். ஒரு நாள் வரும்படி 600 ரூபாய் என்றால் 1,800 போனது. ஆட்டோ, ஜெராக்ஸ், நோட்டரி என்று இன்னொரு 500. அவருடைய ஓராண்டு வரியே 1,450 ரூபாய்தான். மாநகராட்சிக்குப் பைசா சேராமல் அவர் பையிலிருந்து போனது 2,300. யாராவது "செலவுக்கு" வாங்கியிருந்தால் அதையும் இந்தக் கணக்கில்தான் சேர்க்க வேண்டும்.

தெருவில் பத்துப் பேரிடம் கேளுங்கள்: கடந்த இரண்டு வருஷத்தில் வரி தொடர்பாக எத்தனை நாள் அலைந்தீர்கள், என்ன செலவானது? அந்தத் தொகையை அவர்கள் கட்டிய வரியால் வகுங்கள். சின்ன வீடுகளில் இந்த விகிதம் எப்போதும் பெரிதாக இருக்கும், ஏனென்றால் அலைச்சல் சதுர அடி பார்ப்பதில்லை.

ஏழாம் படி: எங்கே மோதுகிறது என்று எழுதுங்கள்

நாலு விதியும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. சதுர அடிக்கு ஒரே விகிதம் என்பது எல்லோருக்கும் புரியும், மலிவாக வசூலாகும். ஆனால் சிம்மக்கல்லின் சந்துக்குள் இருக்கும் 800 சதுர அடியையும் அதே விகிதம் போட்ட பெரிய வீதியின் 800 சதுர அடியையும் ஒன்றாக்கிவிடும். ஒவ்வொரு வீட்டுக்கும் நேரில் வந்து வாடகை விசாரித்து மதிப்பிட்டால் சமத்துவம் கூடும். வருபவரின் தயவும் கூடவே வரும், உறுதி போய்விடும். ஆகவே "இந்த வரி அநியாயம்" என்று ஒற்றை வரியில் எழுதாதீர்கள். எந்த விதிக்காக எந்த விதியை விட்டுக்கொடுத்திருக்கிறார்கள், அந்த விலை அதிகமா என்று எழுதுங்கள்.

எங்கள் மனுவில் மூன்றே கோரிக்கைகள் வைத்தோம். 1,200 போன்ற கோடுகளைத் தாண்டும் இடத்தில், தாண்டிய பரப்புக்கு மட்டும் கூடுதல் விகிதம். தெருவின் எல்லா வீடுகளின் பதிவுப் பரப்பையும் வகையையும் வார்டு அலுவலகப் பலகையில் ஒட்டுவது, அதைப் பார்த்து ஆட்சேபம் சொல்ல ஒரு மாதம். அடுத்த உயர்வுக்கு முன் மறு அளவீடு. தனிப்பட்ட குறைகளை இதில் சேர்க்கவில்லை. அத்தையின் வீட்டு முன்னறை முழுவதையும் வணிகம் என்று போடக்கூடும் என்ற பயம் இருந்ததால், இட்லிக் கடை நடக்கும் 60 சதுர அடியை மட்டும் வணிகமாகக் கொள்ளும்படி அவர் பெயரில் தனி மனு. தனி மனுவுக்கு ஆணையர் தரும் பதில் திருப்தியில்லை என்றால் மேல்முறையீடு உண்டு; நோட்டீஸில் சொன்ன நாளுக்குள் ஆட்சேபம் கொடுத்து, கொடுத்ததற்கு ஒப்புகை வாங்கியிருந்தால்தான் அந்தக் கதவு திறக்கும்.

கையெழுத்து வாங்கப் போன அன்று மாடி வீட்டுக்காரர் இணைப்புத் தாளில் இருந்த அட்டவணையை நிதானமாகப் படித்தார். வீட்டு எண்ணோ பெயரோ எதுவும் இல்லை, நாலாவது வரியில் வெறும் பரப்பும் வாடகையும் வரியும்தான். "தம்பி, அந்த நாலாவது வரியை மட்டும் எடுத்துரலாம்ல?" என்றார். அதை எடுத்தால் மறு அளவீடு என்ற கோரிக்கைக்கு ஆதாரமே இல்லை என்றேன். பேனாவை மேஜையில் வைத்துவிட்டு உள்ளே போனார். அடுத்த வாரம் அவரே வார்டு அலுவலகத்தில் மாடியைப் பதிவு செய்ய என்னென்ன தாள் வேண்டும் என்று விசாரித்துக்கொண்டிருந்ததாக, ஓட்டு வீட்டு அத்தைதான் வந்து சொன்னார்.